மறுப்புக் கடிதத்துக்குப் பிறகு: மறு விண்ணப்பமா, மேல்முறையீடா?

விசா மறுக்கப்பட்ட வீட்டில் முதலில் எழும் கேள்வி, “உடனே இன்னொரு தடவை போடலாமா?” என்பதுதான். இரண்டாவது கேள்வி, “இதை எதிர்த்து எங்காவது எழுத முடியாதா?” இரண்டுக்கும் பதில் சொல்லவேண்டியது ஏஜென்ட் அல்ல, கையில் இருக்கும் மறுப்புக் கடிதம். இந்த அத்தியாயம் ஒரே வகை விசாவை எடுத்துக்கொள்கிறது: பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழும் பிள்ளைகளைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெற்றோர் கேட்கும் குறுகிய கால ஷெங்கன் விசா. அதில் மறுப்பு எப்படி எழுதப்படுகிறது, எந்தச் சட்டத்தின்படி எழுதப்படுகிறது, எங்கே எதிர்க்கலாம் என்பதெல்லாம் வெளிப்படையாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. நான் இங்கே சொல்லப்போவது இதுதான்: மறு விண்ணப்பமா, மேல்முறையீடா என்பதைக் கோபமோ அவசரமோ தீர்மானிக்கக் கூடாது. அதிகாரி இல்லை என்று சொல்லும் ஆதாரம், அவர் முடிவெடுத்த அன்று உங்கள் கோப்பில் இருந்ததா, இல்லையா? முதலில் தேடவேண்டிய விடை இதற்குத்தான். இல்லாதிருந்தால் வழி ஒன்று, இருந்தும் மறுத்திருந்தால் வழி வேறு.

கடிதத்திலிருந்தே தொடங்குவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்பு 2009-ல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 32-ஆவது பிரிவு, விசாவை எந்தெந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்று சொல்கிறது. மறுப்பை ஒரே மாதிரியான படிவத்தில், காரணத்தோடு தெரிவிக்க வேண்டும், எதிர்த்து முறையிடும் உரிமையையும் குறிப்பிட வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. அதனால்தான் எந்த ஷெங்கன் நாடு மறுத்தாலும் கடிதம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது: வரிசையாக அச்சிட்ட காரணங்கள், அவற்றில் ஒன்றிரண்டுக்கு எதிரே மட்டும் குறி, கீழே சில வேளை ஓரிரு வரிக் குறிப்பு, கடைசியில் எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்ற பத்தி. பெரும்பாலானோர் குறியிட்ட வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும். கெடு எத்தனை நாள் என்பது அங்கேதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டும் கடிதமும் கைக்கு வந்த நாளை உடனே குறித்துக்கொண்டு, கூரியர் உறையைப் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தில் இருக்கும் தேதி வேறாகவும், அது உங்களுக்குக் கிடைத்த தேதி வேறாகவும் இருக்கலாம். கிடைத்த நாளை நிரூபிக்க அந்த உறை ஒன்றே மிஞ்சும்.

“எல்லோருக்கும் ஒரே அச்சிட்ட வரிதானே, அதைப் படித்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உங்கள் கோப்பின் எந்தத் தாளில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது என்பதை அந்த வரி சொல்வதில்லை. ஆனாலும் அது வெறும் சம்பிரதாயச் சொல் அல்ல. 2013 டிசம்பரில் கூஷ்காகி என்ற ஈரானியர் ஜெர்மனிக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், விதித்தொகுப்பில் பட்டியலிட்ட காரணங்களைத் தவிர வேறு எதற்காகவும் விசாவை மறுக்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே குறியிட்ட வரி, அதிகாரி தம் முடிவை எந்தச் சட்டக் காரணத்தின் மேல் நிறுத்தியிருக்கிறார் என்பதைச் சொல்கிறது. குறியிடாத வரிகளும் செய்தி சொல்கின்றன. ‘செலவுக்குப் போதிய பணம் இருப்பதற்கு ஆதாரம் தரவில்லை’ என்ற வரிக்கு எதிரே குறி இல்லையென்றால், பணம் போதாது என்ற அடிப்படையில் உங்கள் விண்ணப்பம் மறுக்கப்படவில்லை. அப்படியிருக்க, அடுத்த தடவை வங்கியில் கூடுதலாக மூன்று லட்சம் கட்டிவைத்து விண்ணப்பிப்பது தலைவலிக்குக் காலில் மருந்து தடவுகிற வேலை. எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், எதிரே எழுதியிருக்கும் வாசகத்தை முழுதாகப் படிப்பது நல்லது. படிவம் திருத்தப்பட்டபோது வரிசை எண்கள் மாறியிருக்கின்றன. பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெற்றோர் விசாக்களில் கவனிக்கவேண்டிய வாசகங்கள் முக்கியமாக மூன்று. பயணத்தின் நோக்கமும் தங்கும் ஏற்பாடும் பற்றிய விளக்கம் தரப்படவில்லை என்பது ஒன்று. அந்த விளக்கமாகத் தந்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்பது இன்னொன்று. விசா முடியுமுன் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் எண்ணம் குறித்து நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறானவை. முதலாவது தாள் இல்லை என்கிறது. இரண்டாவது, தாள் இருக்கிறது, ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அல்லது சரிபார்த்தபோது பொருந்தவில்லை என்கிறது. மூன்றாவதுதான் மனத்தைப் புண்படுத்துவது. அறுபது வயதில், வீடும் பென்ஷனும் இருக்க, “நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள்” என்று சொல்வதுபோல அது படிக்கப்படுகிறது. ஆனால் சட்டம் கேட்பது அந்த மனிதர் நேர்மையானவரா என்பதை அல்ல. கூஷ்காகி தீர்ப்பின்படி, திரும்ப மாட்டார் என்று அதிகாரி உறுதியாக நிறுவ வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். அந்தச் சந்தேகத்தை எடைபோடும்போது வசிக்கும் நாட்டின் பொதுநிலை, குடும்ப, சமூக, பொருளாதார நிலை, முன்பு ஐரோப்பாவுக்குப் போய் வந்த வரலாறு, சொந்த நாட்டிலும் போகும் நாட்டிலும் இருக்கும் பிணைப்புகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த ஏற்பாடு விண்ணப்பதாரருக்குப் பாதகமானது என்றே நான் நினைக்கிறேன். வருங்காலத்தில் செய்யப்போகும் ஒன்றை யாரும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடிவது இன்றைய பிணைப்புகளை மட்டுமே. அவை கோப்பில் தாளாக இல்லையென்றால், அதிகாரியின் பார்வையில் அவை இல்லை.

ஒரு மாதிரிக் கோப்பைப் பிரித்துப் பார்ப்போம். கும்பகோணத்தில் வாழும் 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவர். மகள் பாரிஸை அடுத்த லா கூர்நேவில் இருக்கிறார், ஆகஸ்டில் பிரசவம். அம்மா 60 நாள் தங்க விண்ணப்பிக்கிறார். மகள் தன் ஊர் மெரியில், அதாவது நகராட்சியில், 30 யூரோ வில்லை வைத்து வாங்கிய ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்னும் தங்குமிடச் சான்று, மகளின் சம்பளச் சீட்டுகள், 30,000 யூரோ காப்பீடு, விமான முன்பதிவு, அம்மாவின் வங்கிக் கணக்கின் மூன்று மாத ஸ்டேட்மென்ட், “மகளைப் பார்க்கப் போகிறேன்” என்ற கவரிங் லெட்டர் ஆகியவை கோப்பில் இருக்கின்றன. உறவினர் வீட்டில் தங்குமிடச் சான்றோடு தங்குபவரிடம் பிரான்ஸ் எதிர்பார்க்கும் பணம் நாளொன்றுக்கு 32.50 யூரோ. 60 நாளுக்கு 1,950 யூரோ. கணக்கில் ஆறு லட்சம் ரூபாய் இருக்கிறது, அது தாராளமாகவே போதும். ஆனாலும் கடிதம் இரண்டு வரிகளில் குறியிட்டு வருகிறது: நோக்கமும் தங்கும் ஏற்பாடும் பற்றிய தகவல் நம்பத்தக்கதாக இல்லை, வெளியேறும் எண்ணத்தில் சந்தேகம் இருக்கிறது. பணத்துக்கு எதிரே குறி இல்லை.

இப்போது அதிகாரியின் இடத்தில் உட்கார்ந்து அதே கோப்பைப் புரட்ட வேண்டும். அதற்காகத்தான் கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்திருக்க வேண்டும் என்று இந்நூலின் எல்லா அத்தியாயங்களிலும் வற்புறுத்துகிறேன். முதல் குறிக்கான காரணம் தேதிகளில் கிடைக்கிறது. விண்ணப்பத்திலும் விமான முன்பதிவிலும் 60 நாள், மெரி தந்த சான்றில் 45 நாள். மீதி 15 நாள் எங்கே தங்குவார் என்பதற்கு விடை இல்லை. கவரிங் லெட்டரில் பிரசவம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, மகள் எழுதிய கடிதத்திலோ, “குழந்தை பிறந்த பிறகு அம்மா உடனிருப்பார்” என்று இருக்கிறது. அம்மா மறைத்ததாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கடிதங்கள் இரண்டு நோக்கங்களைச் சொல்கின்றன. பிரசவம் என்றால் வேலைக்காரி ஆக்கப்போவதாக நினைப்பார்கள், அதைச் சொல்லாதே என்று அறிவுரை கொடுத்தவர் யாரோ, அவர்தான் இந்தக் கோப்பைக் கெடுத்தவர். பேரக்குழந்தையைப் பார்க்கப் போவது முற்றிலும் முறையான காரணம். மருத்துவர் தந்த உத்தேச பிரசவத் தேதிச் சான்றோடு சொன்னால், 60 நாள் ஏன் என்பதும் விளங்கிவிடும்.

இரண்டாவது குறிக்கான காரணம் ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. ஆறு லட்சத்தில் நான்கு லட்சம் விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரே தவணையில் வந்திருக்கிறது. அது நிலையான வைப்பு முதிர்ந்து வந்த பணம். ஆனால் அதற்கான ரசீது இணைக்கப்படவில்லை, கடனாக வாங்கிக் காட்டிய பணம்போலத் தெரிகிறது. பென்ஷன் வருவது வேறொரு வங்கிக் கணக்கில். அந்தக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் இல்லை, பென்ஷன் ஆணையும் இல்லை. ஆக, மாதாமாதம் நிச்சயமாக வரும் வருமானம், ஊரில் இருக்கும் மிகப் பலமான பிணைப்பு, கோப்பில் இல்லவே இல்லை. வீட்டு வரி ரசீது இன்னும் மறைந்த கணவரின் பெயரில் இருக்கிறது, வாரிசுச் சான்று வைக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் இளைய மகன் அம்மாவோடுதான் இருக்கிறான், குடும்ப அட்டையில் பெயரும் இருக்கிறது. அதையும் யாரும் இணைக்கவில்லை. தாள்களை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு இந்த அம்மாவின் படம் இப்படித்தான் தெரியும்: கணவர் இல்லை, வருமானம் தெரியவில்லை, சொத்து அவர் பெயரில் இல்லை, திடீரென்று வந்த பணம், பிள்ளை பிரான்ஸில். சந்தேகம் நியாயமற்றது என்று இதை வைத்து வாதாட முடியாது.

ஆகவே இந்த அம்மாவுக்கு வழி மறு விண்ணப்பம். முன்பு மறுக்கப்பட்டது என்பதற்காக மட்டுமே புதிய விண்ணப்பத்தைத் தானாக மறுத்துவிடக் கூடாது என்று விதித்தொகுப்பின் 21-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை. காத்திருக்க வேண்டியது, புதிய தாள்கள் கைக்கு வரும்வரை மட்டுமே. மறு விண்ணப்பம் என்றால் பழைய கோப்பையே மறுபடி கொடுப்பது அல்ல. புதிய கவரிங் லெட்டரின் முதல் பத்தியிலேயே, இன்ன தேதியில் இன்ன காரணங்களுக்காக மறுக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு குறிக்கும் நேராக எந்தத் தாள் பதில் சொல்கிறது என்று எழுத வேண்டும். 60 நாளுக்கும் மெரியில் புதிய சான்று. பிரசவத் தேதிச் சான்று. பென்ஷன் ஆணையும் பென்ஷன் வரும் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும். நான்கு லட்சத்துக்கு வைப்பு முதிர்வு ரசீது. வாரிசுச் சான்றோடு வீட்டு வரி ரசீது. மகனின் கல்லூரிச் சான்று. முன்பு சொன்னதற்கு மாறாக ஒன்றைச் சொல்ல நேர்ந்தால், ஏன் மாறுகிறது என்பதையும் எழுதிவிட வேண்டும். பழைய விண்ணப்பம் விசா தகவல் அமைப்பில் ஐந்து ஆண்டுகள் இருக்கும், அடுத்த அதிகாரி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியும். 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. மறுத்தால் அது திரும்பாது, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் திரும்பாது. புதிய ஆதாரம் எதுவும் இல்லாமல் மறுபடி விண்ணப்பிப்பதில் இழப்பது இந்தப் பணம் மட்டுமல்ல, பதிவில் இரண்டாவது மறுப்பும் சேர்ந்துவிடும்.

இதே அம்மாவின் கதையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். மேலே சொன்ன எல்லாத் தாள்களும் முதல் விண்ணப்பத்திலேயே இருந்தன, மையத்தில் கொடுத்த பட்டியலிலும் அவை குறிக்கப்பட்டிருக்கின்றன, தேதிகளும் பொருந்துகின்றன. இருந்தும் பணத்துக்கு ஆதாரம் தரவில்லை என்ற வரிக்குக் குறி வந்திருக்கிறது. இங்கே மறு விண்ணப்பத்தில் புதிதாகக் காட்ட எதுவும் இல்லை. தவறு கோப்பில் இல்லை, கோப்பைப் படித்த விதத்தில் இருக்கிறது. மேல்முறையீடு இதற்காகத்தான். சட்டம் கேட்பது 1,950 யூரோ, தங்குமிடச் சான்றின் மூலம் செலவைப் பொறுப்பேற்பதாக மகள் உறுதி தந்திருக்கிறார், கணக்கில் இவ்வளவு இருக்கிறது, இதோ அன்று கொடுத்த தாளின் நகல், என்று நான்கு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய வழக்கு இது. மேல்முறையீடு செய்யத் தகுந்த கோப்புக்கு இதுவே அடையாளம் என்று எனக்குப் படுகிறது: பிழையை ஒரு தாளைச் சுட்டிக்காட்டிச் சில வாக்கியங்களில் விளக்க முடிய வேண்டும். குடும்ப வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதி, மன்றாடி, கண்ணீரோடு முடிக்க வேண்டியிருந்தால், அங்கே ஆதாரம் ஏதோ குறைகிறது என்று பொருள்.

பிரான்ஸில் இந்த மேல்முறையீடு நேராக நீதிமன்றத்துக்குப் போவதில்லை. முதலில் நிர்வாகத்திடமே முறையிட வேண்டும், அது கட்டாயம். 2023 ஜனவரி முதல், குறுகிய கால விசா மறுப்புகளை எதிர்த்து நான்த் நகரில் உள்ள விசாத் துறையின் துணை இயக்குநருக்கு எழுத வேண்டும். நீண்ட கால விசாக்களுக்கு மட்டும் அதே நகரில் தனி ஆணையம் இருக்கிறது. கெடு, மறுப்பு கிடைத்ததிலிருந்து 30 நாள். கடிதம் பிரெஞ்சில் இருக்க வேண்டும், காரணங்களைச் சொல்ல வேண்டும். மறுப்பு விண்ணப்பதாரருக்கு வந்ததால் அவர் பெயரிலேயே, அவர் கையொப்பத்தோடு அனுப்புவது பாதுகாப்பானது. கட்டணம் இல்லை. இரண்டு மாதம் பதில் வராவிட்டால் மௌனமே நிராகரிப்பு. அப்படிப்பட்ட மௌன நிராகரிப்பு, தூதரகம் சொன்ன அதே காரணங்களையே தாங்கி நிற்பதாகச் சட்டம் கொள்கிறது. அதன் பிறகு நான்த் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக இரண்டு மாதம் இருக்கிறது. மறுப்பு தவறென்று நீதிபதி கண்டால் அதை ரத்துசெய்து, கோப்பை மறுபடி பரிசீலிக்கவோ விசாவை வழங்கவோ நிர்வாகத்துக்கு உத்தரவிடலாம். நிர்வாக முறையீட்டைத் தாண்டிக் குதித்து நேராக நீதிமன்றம் போனால் வழக்கை ஏற்கமாட்டார்கள். இப்படி ஒரு கட்டத்தில் நீதிமன்றம் இருந்தே ஆக வேண்டும் என்பது எந்த ஷெங்கன் நாட்டின் பெருந்தன்மையும் அல்ல. 2017 டிசம்பரில் எல் ஹசானி வழக்கில், விசா மறுப்பை எதிர்ப்பவருக்கு ஏதாவது ஒரு நிலையில் நீதிமன்றக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இங்கே வலுவான மறுப்புரை ஒன்று எழும். நிர்வாக முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, புதிய தாள்களையும் அதோடு இணைக்கலாம், அப்படியானால் தாள் குறைந்த கோப்புக்கும் 90 யூரோ கட்டாமல் முறையீடே செய்யலாமே? பிரான்ஸைப் பொறுத்தவரை இது சட்டப்படி சாத்தியம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். தூதரகம் புதிய விண்ணப்பத்தைப் பொதுவாக 15 நாளில், நீண்டால் 45 நாளில் முடிக்க வேண்டும். முறையீடு இரண்டு மாதம் எடுத்து, மௌனத்திலேயே முடியலாம். ஆகஸ்டில் பிறக்கும் குழந்தைக்காக ஜூனில் மறுக்கப்பட்டவர் முறையீட்டை மட்டும் நம்பியிருந்தால், விடை வருமுன் குழந்தை பிறந்துவிடும். நீதிமன்றம் இன்னும் பல மாதம் தள்ளும். மேலும் இது பிரான்ஸின் வசதி, எல்லா நாட்டின் வசதியும் அல்ல. ஜெர்மனியில் விடுபட்ட தாளை இணைத்துத் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது உலகெங்கும் நிறுத்தப்பட்டது. இப்போது அங்கே மிஞ்சியிருப்பவை புதிய விண்ணப்பமும் நீதிமன்ற வழக்கும்தான். பாரிஸ் மகளுக்காகப் பிரெஞ்சு முறையை அறிந்த ஒருவர், அதையே ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகனுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி எந்த நாட்டின் எந்த அலுவலகத்தைச் சொல்கிறதோ, அதுதான் உங்களுக்கான வழி.

“எதிர்த்து எழுதினால் கறுப்புப் பட்டியலில் போட்டுவிடுவார்கள்” என்ற பயமும் பலரைத் தடுக்கிறது. முறையீடு சட்டம் தந்த உரிமை. கடிதத்திலேயே அச்சிட்டுத் தருகிறார்கள். அதைப் பயன்படுத்தியது மறுப்புக்கான காரணங்களின் பட்டியலில் இல்லை, அந்தப் பட்டியலுக்கு வெளியே காரணம் தேட அதிகாரிக்கு அனுமதியும் இல்லை. இதற்கு நேர்மாறான யோசனை ஒன்றும் உலவுகிறது: பிரான்ஸ் மறுத்தால் என்ன, வேறொரு ஷெங்கன் நாட்டில் சுற்றுலா விசா வாங்கி, அங்கிருந்து ரயிலேறிவிடலாம் என்பது. இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். முந்தைய மறுப்பை எல்லா ஷெங்கன் நாடுகளும் விசா தகவல் அமைப்பில் பார்க்க முடியும். முக்கியமாகத் தங்கப்போகும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. மகள் பாரிஸில் இருப்பது பழைய கோப்பில் பதிவாகியிருக்க, ஐந்து நாள் இத்தாலி ஹோட்டல் முன்பதிவைக் காட்டுவது பொய்யான நோக்கத்தைச் சொல்வதாகவே முடியும். நிரப்பிவிடக்கூடிய ஒரு குறையை, நேர்மை குறித்த சந்தேகமாக மாற்றிவிடும் யோசனை இது.

நேர்மை குறித்த சந்தேகம் கடிதத்திலேயே வந்துவிட்டால், மேலே சொன்ன அளவுகோலை அப்படியே பொருத்தக் கூடாது. இணைத்த ஆவணங்களின் உண்மைத்தன்மையில் சந்தேகம், அல்லது பொய்யான பயண ஆவணம் என்ற வரிக்குக் குறி இருந்து, நீங்கள் கொடுத்தது உண்மையான ஆவணமாக இருந்தால், பயணம் தள்ளிப்போனாலும் 30 நாளுக்குள் முறையிட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. மறுக்காமல் விட்ட அந்தக் குற்றச்சாட்டு, அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் கூடவே வரும். ஆவணத்தை வழங்கிய அலுவலகத்திடமிருந்து, இது நாங்கள் வழங்கியதே என்ற எழுத்துமூலக் கடிதம் வாங்கி முறையீட்டோடு வைப்பது எந்த விளக்கத்தையும் விடப் பலமானது. ஏஜென்ட் உங்களுக்குத் தெரியாமல் ஒரு தாளைச் செருகியிருந்தால், அதை மறைத்து வாதாடக் கூடாது. எந்தத் தாள், யார் வைத்தது என்பதைச் சொல்லி, உண்மையான தாளை முன்வைக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு வழக்கறிஞரின் துணை அவசியம்.

வேறொரு நாட்டின் ஆட்சேபத்தால் மறுக்கப்பட்டதாகவோ, ஷெங்கன் தகவல் அமைப்பில் உங்கள் மேல் எச்சரிக்கை இருப்பதாகவோ கடிதம் சொன்னால், மறு விண்ணப்பம் வீண். பென்ஷன் ஆணையை எத்தனை தடவை காட்டினாலும் அந்தப் பதிவு மாறாது. பொதுப் பாதுகாப்பு போன்ற காரணத்தால் இன்னொரு நாடு ஆட்சேபித்திருந்தால், அது எந்த நாடு, எந்தக் குறிப்பிட்ட காரணம் என்பதை மறுக்கும் நாடு தெரிவிக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடிதத்தில் அந்த விவரம் இல்லையென்றால், அதுவே முறையீட்டுக்கு ஒரு காரணம். விவரம் இருந்தால், பதிவை வைத்த நாட்டிடம் உங்களைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெற்று, தவறாக இருந்தால் திருத்தக் கோர வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் ஒத்த வேறொருவரின் பதிவாகவும் இருக்கலாம். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடும் நம் வழக்கமும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டக்கூடும்.

கடைசியாக, இரண்டு வழிகளையும் ஒன்றாகப் பிடிக்கலாமா என்பது. சட்டம் தடுக்கவில்லை. பிழை அதிகாரியுடையது என்று உறுதியாகத் தெரிந்து, பயண நாளும் நெருங்கிவிட்டால், 30 நாள் கெடுவுக்குள் நான்த்துக்கு முறையீட்டை அனுப்பிவிட்டு, அதை மறைக்காமல் கவரிங் லெட்டரில் சொல்லியே புதிய விண்ணப்பமும் கொடுக்கலாம். விசா கிடைத்துவிட்டால் முறையீட்டைத் தொடர வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. கிடைக்காவிட்டால், முதல் மறுப்பை எதிர்க்கும் உரிமையை நீங்கள் இழக்கவில்லை. இரண்டாவது மறுப்புக்கு அதற்கென்று தனி 30 நாள் ஓடத் தொடங்கும், அதைத் தனியாக எதிர்க்க வேண்டும், முதல் முறையீடு அதைக் காப்பாற்றாது. அதனால் இரண்டு கடிதங்களையும் அவை வந்த உறைகளையும் தனித்தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் கிடைத்த தேதியையும் கெடு முடியும் தேதியையும் எழுதிவிடுங்கள்.